தடிப்பைக் கூட்டினால் மட்டும் போதுமா?

1844 பிப்ரவரி 28. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டி ஓடும் பொட்டோமேக் ஆற்றில் 'பிரின்ஸ்டன்' என்ற புதிய போர்க்கப்பல் விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு உலா போனது. குடியரசுத் தலைவர் ஜான் டைலர், அவருடைய அமைச்சர்கள், அவர்களின் குடும்பத்தார் என்று கப்பல் நிறையக் கூட்டம். கப்பலின் மேல்தளத்தில் இரண்டு பெரிய பீரங்கிகள் நின்றன. இரண்டும் தேனிரும்பால் ஆனவை. இரண்டுக்கும் குழலின் உள்விட்டம் 12 அங்குலம்.

ஒன்றின் பெயர் 'ஓரிகான்'. அதை வடிவமைத்தவர் ஜான் எரிக்சன். சோதனையாகச் சுட்டுப் பார்த்தபோது அந்தக் குழலில் விரிசல் கண்டது. எரிக்சன் அதைத் தூக்கி எறியவில்லை. இரும்பு வளையங்களைக் காய்ச்சி, குழலின் பின்பகுதியில் மாட்டி, குளிரவிட்டார். விரிசல் கண்ட அந்தப் பீரங்கி அதன் பிறகு எத்தனையோ முறை சுட்டும் தாங்கியது. மற்றதன் பெயர் 'பீஸ்மேக்கர்'. கப்பலின் தலைவர் ராபர்ட் ஸ்டாக்டன் அதை நியூயார்க்கில் செய்வித்தார். வளையம் எதற்கு, இரும்பையே இன்னும் தடிப்பாக வைத்துவிட்டால் போகிறது என்பது அவருடைய கணக்கு.

அன்று மாலை வெடித்துச் சிதறியது தடிப்பான பீரங்கிதான். வெளியுறவு அமைச்சர் ஏபெல் அப்ஷர், கடற்படை அமைச்சர் தாமஸ் கில்மர் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்ததால் டைலர் தப்பினார்.

பின்னர் நடந்த ஆய்வில், இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து ஒட்டிய வேலையில் குறை இருந்தது தெரியவந்தது. உண்மைதான். அவ்வளவு பெரிய கட்டியின் நடுப்பகுதி வரை சம்மட்டி அடி இறங்குவது கடினம். ஆனால் அந்தக் குறையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. விரிசல் விட்ட குழலை வெளியே போட்ட வளையம் எப்படிக் காப்பாற்றியது? அதே அளவு இரும்பைக் குழலோடு சேர்த்தே வார்த்தாலோ அடித்தாலோ அந்தப் பலன் ஏன் கிடைப்பதில்லை? இதற்கான விடை நம் வீட்டு அடுப்படியில் தொடங்குகிறது.

சிலிண்டரைக் குறுக்கே பிளந்து பார்ப்போம்

வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் சுமார் 31.5 செ.மீ. சுவரின் தடிப்பு சுமார் இரண்டரை மில்லிமீட்டர். புதிதாகச் செய்ததும், பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு சதுர செ.மீ.க்கு 25 கிலோ அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். அடுப்பு எரியும் சாதாரண நாளில் உள்ளே இருக்கும் அழுத்தம் இதில் பாதிக்கும் குறைவு.

இரண்டரை மில்லிமீட்டர் தகடு இந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று எப்படிக் கணக்கிடுவது? சிலிண்டரிலிருந்து ஒரு செ.மீ. உயரமுள்ள வளையம் ஒன்றை வளையல் போல வெட்டி எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வளையலை நடுவே இரண்டு அரைவட்டமாகப் பிளந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் இரண்டு அரைகளையும் எதிரெதிர்த் திசையில் தள்ளிப் பிரிக்கப் பார்க்கிறது. வளைந்த சுவரின்மேல் அழுத்தம் பல கோணங்களில் விழுந்தாலும், பக்கவாட்டில் விழுபவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மிஞ்சும் தள்ளுவிசைக்கு வளைவின் நீளம் கணக்கில்லை, விட்டம்தான் கணக்கு. எனவே விசை 25 × 31.5 × 1, அதாவது ஏறத்தாழ 790 கிலோ.

இந்த 790 கிலோவை யார் பிடித்து நிறுத்துகிறார்கள்? பிளந்த இடத்தில் இருக்கும் இரண்டு வெட்டுமுகங்கள்தான். ஒவ்வொன்றும் கால் செ.மீ. அகலம், ஒரு செ.மீ. உயரம். இரண்டும் சேர்ந்து அரை சதுர செ.மீ. ஆக, இரும்பின் ஒவ்வொரு சதுர செ.மீட்டரும் ஏறத்தாழ 1,580 கிலோ இழுவையைத் தாங்குகிறது. வளையம் தன் சுற்றின் வழியாக இழுபடுவதால் இதை வளையத் தகைவு என்கிறோம். இந்த எஃகு ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 2,400 கிலோ வரை இழுத்தாலும், விட்டவுடன் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அதைத்தான் மீட்சி எல்லை என்கிறோம். 1,580 அந்த எல்லைக்குள் போதிய இடைவெளியோடு நிற்கிறது.

மேலே செய்ததைச் சுருக்கி எழுதினால் இதுதான் சூத்திரம்:

σ = pD / 2t

இதில் p அழுத்தம், D விட்டம், t தடிப்பு, σ தகைவு. மாற்றிப் போட்டால் t = pD / 2σ. அதாவது, அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும் கலத்தின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் சுவரையும் இரட்டிப்பாக்க வேண்டும். சின்னச் சிலிண்டருக்குப் போதும் தகடு பெரிய தொட்டிக்குப் போதாமல் போவதன் காரணம் இதுதான்.

இதே சிலிண்டர் நீளவாக்கிலும் இழுபடுகிறது. மேல்மூடியையும் அடிப்பகுதியையும் அழுத்தம் எதிரெதிராகத் தள்ளுகிறது. அந்தத் தகைவைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 790தான் வருகிறது. வளையத் தகைவில் சரிபாதி. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் பைப் வெடிக்கும்போது குறுக்கே அறுந்து போகாமல் நீளவாக்கில் கிழிவதும் இதனால்தான். கூடுதல் சுமை சுற்றுத் திசையில் இருக்கிறது. ஆகவே கிழிசல் அதற்குக் குறுக்காக, நீளத்தில் ஓடுகிறது.

அடுத்த முறை வீட்டுச் சிலிண்டரைப் பார்க்கும்போது அதன் நடு இடுப்பைக் கவனியுங்கள். சுற்றிலும் ஒரே ஒரு வெல்டிங் கோடு ஓடும். இரண்டு கிண்ணங்களைப் போல அழுத்தி வடித்த பாதிகளை வாயோடு வாய் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். மேலிருந்து கீழாக ஓடும் ஒட்டு கிடையாது. சுமை அதிகமுள்ள சுற்றுத் திசையை ஒட்டே இல்லாத முழுத்தகடு தாங்குகிறது. பாதிச் சுமையுள்ள நீளத் திசையை மட்டும் வெல்டிங் தாங்குகிறது. நாம் தினமும் பார்க்கும் அந்த ஒற்றைக் கோட்டுக்குள் இந்தக் கணக்கு முழுவதும் இருக்கிறது.

சூத்திரம் சொல்லாமல் விட்ட ஒன்று

மேலே 790 கிலோவை அரை சதுர செ.மீ.ஆல் வகுத்தோம் அல்லவா? அந்த வகுத்தலில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. சுவரின் உள்பக்க இரும்பும் வெளிப்பக்க இரும்பும் சுமையைச் சரிசமமாகப் பகிர்ந்துகொள்கின்றன என்று எடுத்துக்கொண்டோம். இரண்டரை மில்லிமீட்டர் தகட்டில் அது பொருந்தும். சுவர் தடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்?

தடித்த குழலை வெங்காயத்தைப் போல அடுக்கடுக்கான வளையங்களாக எண்ணிப் பாருங்கள். உள்வளையத்தின் சுற்றளவு 30 செ.மீ., வெளிவளையத்தின் சுற்றளவு 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தால் குழல் உப்புகிறது. இரண்டு வளையங்களின் ஆரமும் ஒரே அளவு கூடினால் இரண்டின் சுற்றளவும் ஒரே அளவு நீளும். அது 0.6 மி.மீ. என்று கொள்வோம். 30 செ.மீ. வளையத்துக்கு அது ஆயிரத்தில் இரண்டு பங்கு நீட்சி. 60 செ.மீ. வளையத்துக்கோ ஆயிரத்தில் ஒரு பங்குதான். நீட்சி பாதி என்றால் அந்த வளையம் சுமப்பதும் ஏறத்தாழ பாதி.

உண்மையில் வெளிவளையம் அந்த அளவுகூட உப்புவதில்லை. இடையில் இருக்கும் இரும்பு நசுங்கிக் கொடுக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் தனக்கு வந்த அழுத்தத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிட்டு மிச்சத்தை அடுத்த அடுக்குக்குத் தள்ளுகிறது. ஆக, உள்ளே இருக்கும் இரும்பு முறுக்கேறி நிற்க, வெளியே இருக்கும் இரும்பு கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது.

இதை முறையாகக் கணக்கில் கொண்டுவந்தவர் கேப்ரியல் லாமே என்ற பிரெஞ்சுக் கணிதர். 1820களில் அவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பொறியியல் ஆசிரியராக இருந்தார். அங்கே உடன் பணியாற்றிய கிளாபெய்ரோனோடு சேர்ந்து இந்த ஆராய்ச்சியைச் செய்தார். இன்றும் தடித்த உருளைகளுக்கு உலகெங்கும் லாமே சூத்திரம்தான். வெளி ஆரத்தை உள் ஆரத்தால் வகுத்து வரும் எண்ணை k என்று கொண்டால், உள்சுவரில் வளையத் தகைவு இது:

σ = p (k² + 1) / (k² − 1)

ஒரு குழலை வைத்துக் கணக்குப் போடுவோம்

உள்விட்டம் 10 செ.மீ. உள்ள ஓர் எஃகுக் குழல். அதன் சுவர் 5 செ.மீ. தடிப்பு. உள்ளே ஒரு சதுர செ.மீ.க்கு 2,000 கிலோ அழுத்தம். மெல்லிய சுவர்ச் சூத்திரத்தில் போட்டால் 2000 × 10 ÷ (2 × 5), அதாவது 2,000 கிலோ தகைவு. 3,000 கிலோ மீட்சி எல்லையுள்ள எஃகு கையில் இருந்தால், தாராளமாகத் தாங்கும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

லாமேயிடம் கேட்டால் விடை வேறு. இங்கே k என்பது 2. உள்சுவரில் தகைவு 2,000இன் ஐந்தை மூன்றால் வகுத்த மடங்கு, அதாவது 3,333 கிலோ. வெளிச்சுவரில் 1,333 கிலோ மட்டும். மெல்லிய சுவர்ச் சூத்திரம் பொய் சொல்லவில்லை. அது தந்த 2,000 சுவர் முழுவதற்குமான சரியான சராசரி. ஆனால் இரும்பு சராசரியைப் பார்த்து விட்டுக்கொடுப்பதில்லை. எந்த இடத்தில் எல்லை மீறுகிறதோ அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறது. நம் குழலில் உள்சுவர் 3,000ஐத் தாண்டிவிட்டது.

சரி, சுவரை 10 செ.மீ. ஆக்கினால்? மெல்லிய சுவர்ச் சூத்திரம் தகைவு பாதியாகி 1,000க்கு வந்துவிடும் என்கிறது. லாமே 2,500 என்கிறார். 15 செ.மீ. ஆக்கினால் மெல்லிய சுவர்ச் சூத்திரம் 667 என்கிறது. லாமே 2,267 என்கிறார். குழலைச் சுற்றி ஒரு மலையையே எஃகாக வைத்தாலும் உள்சுவரின் தகைவு 2,000க்குக் கீழே இறங்காது. உள்ளே எவ்வளவு அழுத்தமோ அதுவே அதன் கடைசிப் படி.

நிலைமை இதைவிடக் கடினமானது. உள்சுவரில் இருக்கும் இரும்பு சுற்றுத் திசையில் இழுபடும் அதே நேரத்தில், அழுத்தம் அதை உள்ளிருந்து வெளியே நேராக நசுக்கவும் செய்கிறது. ஒரு திசையில் இழுவை, அதற்குச் செங்குத்தான திசையில் நசுக்கல். இரண்டும் சேரும்போது இரும்பின் அடுக்குகள் சாய்வாக ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கின்றன. எஃகு விட்டுக்கொடுப்பது இந்த வழுக்கலால்தான். எனவே இரண்டு தகைவுகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது டிரெஸ்கா என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் பெயரால் வழங்கும் விதி.

அப்படிக் கூட்டினால் 5 செ.மீ. சுவருக்கு 5,333 வருகிறது. 10 செ.மீ. சுவருக்கு 4,500. இந்த இரண்டுக்கும் ஆகும் எஃகின் எடையை ஒப்பிட்டுப் பாருங்கள். எடை ஏறத்தாழ 2.7 மடங்கு கூடியிருக்கிறது. தகைவோ ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் இறங்கியிருக்கிறது. 15 செ.மீ. சுவருக்கு எஃகு 5 மடங்கு, தகைவு 4,267. அதற்குமேல் எவ்வளவு கொட்டினாலும் 4,000க்குக் கீழே போகாது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு கறாரானது. ஒரே துண்டாகச் செய்த குழல், தன் எஃகின் மீட்சி எல்லையில் பாதி அளவு அழுத்தத்தைத் தாண்டினால் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் உள்சுவர் விட்டுக்கொடுத்துவிடும். சற்றுத் தாராளமான வேறு விதிகளும் உண்டு. ஆனால் இப்படியொரு உச்சவரம்பு இருப்பதை அவையும் மறுப்பதில்லை.

உள்சுவர் விட்டுக்கொடுத்த உடனே குழல் வெடித்துவிடும் என்றில்லை. வார்ப்பிரும்பு என்றால் விரிசல் உடனே ஓடும். நல்ல எஃகு உள்ளே கொஞ்சம் நிலையாக நீண்டு, சுமையை வெளி அடுக்குகளுக்குத் தள்ளிவிடும். ஆனால் அழுத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும்போது உள்சுவரில் மயிரிழை விரிசல் பிறந்து வெளிநோக்கி வளரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. வெளிப்பரப்பில் நீட்சி அளக்கும் கருவியை ஒட்டிப் பார்த்தாலும், 5 செ.மீ. குழலில் அது 1,333 கிலோ சுமையைத்தான் காட்டும். அதை வைத்து உள்ளேயும் அதே அளவுதான் என்று நம்பினால், இரண்டரை மடங்கு சுமந்து நிற்கும் உள்சுவரைக் கோட்டை விட்டுவிடுவோம்.

எல்லைக்கோடு எங்கே?

அப்படியானால் எந்தத் தடிப்பு வரை எளிய சூத்திரத்தை நம்பலாம்? சுவரின் தடிப்பு உள் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நம்பலாம் என்பது பொறியாளர்களின் வழக்கம். பத்தில் ஒரு பங்கில் எளிய சூத்திரம் 10 என்று சொன்னால் லாமே 10.5 என்பார். ஐந்து சதவீத வித்தியாசம். வீட்டுச் சிலிண்டரில் சுவர் ஆரத்தில் அறுபதில் ஒரு பங்குதான். அங்கே பிழை ஒரு சதவீதம்கூட இல்லை. நம் 5 செ.மீ. குழலில் சுவரும் ஆரமும் சமம். பிழை 67 சதவீதம்.

இடைப்பட்ட தடிப்புகளுக்கு அழகான வழி ஒன்று உண்டு. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிநூலில் அழுத்தக் கலங்களுக்கு உள்ள சூத்திரம் இது:

t = PR / (SE − 0.6P)

P அழுத்தம், R உள் ஆரம், S அனுமதிக்கப்பட்ட தகைவு, E ஒட்டின் தரம். 0.6P என்பதை மறைத்துவிட்டால் மிஞ்சுவது நாம் வளையலைப் பிளந்து கண்ட அதே சூத்திரம்தான். அந்தச் சின்னக் கழித்தல்தான் லாமேயின் திருத்தத்தைச் சுமந்து நிற்கிறது. தடிப்பு ஆரத்தில் பாதியைத் தாண்டினாலோ, அழுத்தம் SEயில் 0.385 பங்கைத் தாண்டினாலோ இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அதே நூல் நிபந்தனை போடுகிறது.

0.385 எங்கிருந்து வந்தது? தடிப்பு ஆரத்தில் பாதி என்றால் k என்பது 1.5. லாமே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 1.25 ÷ 3.25. விதிநூல் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 0.5 ÷ 1.3. இரண்டும் பதின்மூன்றில் ஐந்து, அதாவது 0.385. எந்த எல்லையில் நிறுத்தச் சொல்கிறார்களோ அந்தப் புள்ளியில் இரண்டு சூத்திரங்களும் துல்லியமாகப் பொருந்தும்படி 0.6 அமைந்திருக்கிறது. ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தால் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வண்டிச் சக்கரத்துப் பட்டா

இனி எரிக்சனின் வளையத்துக்கு வருவோம். கிராமத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இரும்புப் பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறியதாகவே செய்வார்கள். வறட்டி அடுக்கித் தீ மூட்டி அதைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் பட்டா விரியும். குறடுகளால் நாலு பேர் தூக்கிவந்து சக்கரத்தின்மேல் இறக்கி, சுற்றிலும் தண்ணீரை ஊற்றுவார்கள். பட்டா சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். ஆரக்கால்களும் வட்டைகளும் இறுக்கத்தில் முனகும். அந்தச் சக்கரத்தின் மரம் பாரம் ஏறும் முன்பே நசுங்கி நிற்கிறது. பட்டா இழுபட்டு நிற்கிறது.

தடித்த குழலிலும் இதையே செய்யலாம். உள்குழல் ஒன்று, அதன்மேல் காய்ச்சி இறக்கிய வெளிக்குழல் ஒன்று. வெளிக்குழல் குளிர்ந்ததும் உள்குழலை நெரிக்கிறது. உள்சுவர், அழுத்தம் வரும் முன்பே, சுற்றுத் திசையில் நசுங்கிய நிலையில் இருக்கிறது. பிறகு உள்ளே அழுத்தம் ஏறும்போது முதலில் அந்த நசுக்கல்தான் கழிகிறது. அது கழிந்து தீர்ந்த பிறகே உண்மையான இழுவை தொடங்குகிறது. இதுவரை சும்மா இருந்த வெளி இரும்போ தொடக்கத்திலிருந்தே இழுபட்டு நின்று தன் பங்கைச் சுமக்கிறது.

பலன் எவ்வளவு? முன்பு பார்த்த 10 செ.மீ. குழலுக்கே வருவோம். சுவர் 10 செ.மீ.; எஃகு 8,000 கிலோ மீட்சி எல்லையுள்ள நல்ல கலப்பு எஃகு. ஒரே துண்டாகச் செய்தால் அது தாங்கும் அழுத்தம் சுமார் 3,550 கிலோ. அதே சுவரை இரண்டு குழலாகப் பிரித்து, உள் ஆரத்திலிருந்து 1.73 மடங்கு தள்ளி எல்லையை வைத்து, சரியான அளவு நெரிக்கும்படி இறக்கினால் சுமார் 5,330 கிலோ தாங்கும். எஃகு ஒரு கிலோகூடக் கூடவில்லை. தாங்குதிறன் ஒன்றரை மடங்கு. ஒரே துண்டாகச் செய்திருந்தால் 4,000 என்ற சுவரை எத்தனை டன் எஃகு போட்டும் தாண்டியிருக்க முடியாது.

வளையம் மாட்டாமலே இதைச் சாதிக்கும் வழியையும் பிரெஞ்சுப் பீரங்கித் தொழிலினர் கண்டார்கள். குழலைச் செய்து முடித்ததும், அது வேலை செய்யப்போகும் அழுத்தத்தைவிட மிக அதிகமான அழுத்தத்தை ஒருமுறை வேண்டுமென்றே கொடுக்கிறார்கள். உள் அடுக்குகள் மீட்சி எல்லையைத் தாண்டி நிலையாக நீண்டுவிடும். வெளி அடுக்குகள் எல்லைக்குள்ளேயே இருக்கும். அழுத்தத்தை எடுத்ததும் வெளி அடுக்குகள் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். நீண்டுபோன உள் அடுக்குகள் இடம் தராது. விளைவு, வெளி இரும்பு உள் இரும்பை நெரித்துக்கொண்டே இருக்கும். பட்டாவும் சக்கரமும் ஒரே துண்டுக்குள் உருவாகிவிட்டன. ஆட்டோஃபிரெட்டேஜ் என்ற இந்த முறையின் பெயருக்குப் பொருளும் தனக்குத்தானே பட்டா போட்டுக்கொள்ளுதல் என்பதுதான்.

இன்று இது பீரங்கியோடு நிற்கவில்லை. பழச்சாற்றையும் இறைச்சியையும் சூடாக்காமல் கிருமி நீக்க, ஒரு சதுர செ.மீ.க்கு 6,000 கிலோ அளவு அழுத்தம் கொடுக்கும் கலங்கள் உணவுத் தொழிலில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் உடலைச் சுற்றி உறுதியான எஃகுக் கம்பியை இழுத்துப் பிடித்து, ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியிருப்பார்கள். ஒரு பட்டாவுக்குப் பதில் ஓராயிரம் பட்டா.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

ஹைட்ராலிக் பிரஸ், ஜாக்கி வேலை செய்யும் பட்டறைகளில் பழைய சிலிண்டரின் உள்பக்கம் கீறல் விழுந்தால் லேத்தில் ஏற்றிப் போரிங் பிடித்து, பெரிய சீல் போட்டுத் திருப்பித் தருவது வழக்கம். மூன்று மில்லிமீட்டர்தானே, சுவர் இன்னும் தடியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். 10 செ.மீ. உள்விட்டமும் 3 செ.மீ. சுவரும் உள்ள சிலிண்டரைச் சுற்றிலும் 3 மி.மீ. குடைந்தால் சுவர் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. விட்டமும் கூடிவிடுகிறது. உள்சுவரின் வளையத் தகைவு, அழுத்தத்தின் 2.28 மடங்கிலிருந்து 2.56 மடங்காக ஏறுகிறது. பன்னிரண்டு சதவீதம். எளிய சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், குடைவதற்கு முன்பே 1.67 மடங்குதான் என்று சொல்லி அது உங்களை நிம்மதியாக அனுப்பிவைக்கும்.

பட்டா போட்ட குழலையோ ஆட்டோஃபிரெட்டேஜ் செய்த குழலையோ குடைவது இதைவிட ஆபத்து. அங்கே நீங்கள் சுரண்டி எடுப்பது வெறும் இரும்பை அல்ல. குழலைக் காப்பதற்காகவே நசுக்கி வைத்திருந்த அடுக்கை எடுத்து எறிகிறீர்கள்.

எனவே ஸ்கேலை வைத்துத் தடிப்பை மட்டும் அளக்காதீர்கள். தடிப்பை உள் ஆரத்தால் வகுத்துப் பாருங்கள். பத்தில் ஒன்றைத் தாண்டினால் எளிய சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு லாமேயின் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். அந்த எண் பொருந்தவில்லை என்றால், அந்தச் சிலிண்டரைத் திருப்பி வேலைக்கு அனுப்பாதீர்கள்.

விரிசல் கண்டு, வளையம் மாட்டப்பட்ட ஓரிகான் பீரங்கி அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகரில், கடற்படைக் கல்லூரி வளாகத்தில் இன்றும் முழுசாக நிற்கிறது.